காரைக்கால் பில்லும் தவறான வரித் தலைப்பும்: இந்திய ஜி.எஸ்.டி.யில் பணத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது

திருகோணமலையில் இருந்தபடி தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுபவர்களுக்காக இது. இங்கே வற் வரிக்குப் பழகியவர்கள் இந்திய ஜி.எஸ்.டி.யில் முதலில் தடுமாறும் இடம் வரித் தலைப்புத்தான். நமக்கு வற் ஒரே வரி, 18 வீதம் என்றால் 18 வீதம், அவ்வளவே. இந்தியாவில் அதே 18 வீதம் இரண்டு விதமாக எழுதப்படும். பொருள் ஒரே மாநிலத்துக்குள் விற்கப்பட்டால் மத்திய அரசுக்கு 9 வீதம் சி.ஜி.எஸ்.டி., மாநில அரசுக்கு 9 வீதம் எஸ்.ஜி.எஸ்.டி. மாநிலம் தாண்டினால் 18 வீதமும் ஐ.ஜி.எஸ்.டி. தொகை ஒரு சதம்கூட மாறாது. ஆனால் தலைப்பு மாறிவிட்டால் சட்டப்படி அந்த விற்பனைக்குரிய வரி இன்னும் கட்டப்படவில்லை என்றே கொள்ளப்படும். தவறான தலைப்பில் போன பணத்தைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எந்த வழியில் சரிசெய்யலாம் என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: பணம் இப்போது எங்கே நிற்கிறது? காசுப் பேரேட்டிலேயே கிடக்கிறதா, விற்பனைப் பில்களைக் காட்டும் மாத அறிக்கையான `GSTR-1`-இல் மட்டும் பதிவாகியிருக்கிறதா, அல்லது வரியைக் கணக்கிட்டுக் கட்டும் மாத அறிக்கையான `GSTR-3B` போட்டு அரசாங்கத்துக்கே போய்விட்டதா? கீழே உள்ள அறிகுறிகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். இந்த வகைப் பிழையில் யாரும் வரியைத் தவறாகத் தட்டச்சு செய்வதில்லை. பொருள் போய்ச் சேரும் மாநிலத்தை, அதாவது திரையில் `Place of Supply` அல்லது `POS` என்று வரும் கட்டத்தைத் தவறாகத் தெரிவு செய்கிறார்கள். விற்பவரின் மாநிலமும் அந்தக் கட்டத்தில் உள்ள மாநிலமும் ஒன்றானால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் வரும், வேறானால் ஐ.ஜி.எஸ்.டி. வரும். நாகப்பட்டினத்து வாடிக்கையாளருக்குக் கணக்கு எழுதும்போது அதிகம் சறுக்குவது காரைக்காலில். வரைபடத்தில் அது நாகப்பட்டினத்துக்கு அடுத்த ஊர், பேச்சும் பெயர்களும் அதே தமிழ். ஆனால் நிர்வாகத்தில் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் இதுதான். கேரளாவுக்குள் இருக்கும் மாஹேயும் ஆந்திராவுக்குள் இருக்கும் யானமும்கூட 34-தான். ஊர்ப் பெயரை நம்பாமல் எண்ணைப் பார்த்துப் பழகினால் பாதிப் பிழை வராது. எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளர் என்றால் பில்லில் உள்ள முகவரியை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: பணம் கட்டியாயிற்று, ஆனால் `GSTR-3B` போடும்போது மீதி போதாது என்று வருகிறது

இது மிக இலேசான நிலை. ஐ.ஜி.எஸ்.டி.க்குக் கட்ட வேண்டிய சலானில் சி.ஜி.எஸ்.டி. கட்டத்தில் தொகையைப் போட்டுவிட்டீர்கள். வரிக்குப் பதிலாகத் தாமதக் கட்டணக் கட்டத்தில் போட்டிருந்தாலும் இதே கதைதான். பணம் வாடிக்கையாளரின் காசுப் பேரேட்டிலேயே நிற்கிறது, இன்னும் வரியாக மாறவில்லை. இதற்குப் பணம் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம் போடக் கூடாது. போட்டால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் `GSTR-3B`-க்குக் கடைசி நாளான 20-ஆம் திகதி தாண்டிவிடும்.

செய்ய வேண்டியது `PMT-09`. இணையத்தளத்தில் இப்படிப் போகலாம்:

```
Services > Ledgers > Electronic Cash Ledger > File GST PMT-09
```

எந்தத் தலைப்பிலிருந்து, எந்தத் தலைப்புக்கு, எவ்வளவு என்று நிரப்பிக் கையொப்பமிட்டால் பேரேட்டில் உடனே மாறிவிடும். அதிகாரி எவரும் இதைப் பார்த்து அனுமதிக்க வேண்டியதில்லை. இரண்டு எல்லைகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பயன்படுத்தாமல் கிடக்கும் காசுதான் நகரும், பொருள் வாங்கியபோது கொடுத்த வரி வரவாக நிற்கும் கொள்முதல் வரவுப் பேரேட்டில் இருப்பது இந்த வழியில் நகராது. ஏற்கெனவே ஒரு `GSTR-3B`-க்குக் கழிக்கப்பட்ட காசும் நகராது.

இங்கிருந்து வேலை செய்யும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கையொப்பத்துக்கான ஓ.டி.பி. அங்கே பதிவு செய்துள்ள முதலாளியின் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். கம்பனி என்றால் டிஜிட்டல் கையொப்பச் சாவி தேவை, அதுவும் அவர்களிடமே இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அழைப்பதைவிட, அவர் தொலைபேசியில் இருக்கும்போது தொடங்குவது நல்லது.

அறிகுறி: `GSTR-1` போட்டபின் பிழை தெரிகிறது, `GSTR-3B` இன்னும் போடவில்லை

`GSTR-1`-க்குக் கடைசி நாளான 11-ஆம் திகதிக்கும் 20-ஆம் திகதிக்கும் இடையில் பிழையைக் கண்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முன்பு இந்த நிலையில் `GSTR-3B`-இல் தொகையைக் கையால் மாற்றிப் போடுவார்கள். 2025 ஜூலை மாத வரிக்காலத்திலிருந்து விற்பனை வரித் தொகை தானாக வந்து பூட்டிக்கொள்கிறது. ஆகவே திருத்தம் `GSTR-1A` வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பில்லை எடுத்து `POS`-ஐ 34-ஆக மாற்றுங்கள். வரி ஐ.ஜி.எஸ்.டி.க்கு மாறும், `GSTR-3B`-யும் புதிய தொகையோடு நிரம்பும்.

`GSTR-1A`-ஐ ஒரு மாதத்துக்கு ஒரு தடவைதான் போடலாம். போடும் முன் அந்த மாதத்தின் மற்றப் பில்களையும் ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள். வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணே தவறு என்றால் இந்தப் படிவம் உதவாது. இன்னொன்று, இந்தத் திருத்தம் வாங்குபவருக்கு, அவருக்குரிய வரவைப் பட்டியலிடும் `GSTR-2B`-இல், அடுத்த மாதம்தான் தெரியும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேவையற்ற தொலைபேசி அழைப்புகள் குறையும்.

அறிகுறி: வாங்குபவர் அழைத்து, உங்கள் பில்லுக்கு எனக்கு வரவு கிடைக்கவில்லை என்கிறார்

பெரும்பாலும் பிழை வெளியே வருவது இப்படித்தான். காரைக்கால் வாடிக்கையாளர் தன் `GSTR-2B`-ஐத் திறந்தால் உங்கள் பில் `ITC Not Available` பகுதியில் நிற்கும். விற்பவரின் மாநிலமும் `POS`-உம் ஒன்று, வாங்குபவரின் மாநிலம் வேறு என்பதுதான் அங்கே காட்டப்படும் காரணம். தமிழ்நாட்டுக்குக் கட்டிய எஸ்.ஜி.எஸ்.டி.யைப் புதுச்சேரி வியாபாரி தன் வரியில் கழிக்க முடியாது. இந்த அழைப்பு வந்தால் அவரிடம் அந்தத் திரையின் படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் வரவை எடுக்கவில்லை என்பதற்கு அது பின்னால் சான்றாகும்.

இப்போது `GSTR-3B` போட்டாயிற்று, பணம் போய்விட்டது. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பாதை என்பதை நவம்பர் 30 தீர்மானிக்கும். ஒரு நிதியாண்டின் பில்லை அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் திருத்தலாம். 2025-26 நிதியாண்டின் பில் என்றால் 2026 நவம்பர் 30.

நாள் இருக்கிறது என்றால், அடுத்த `GSTR-1`-இல் `9A` அட்டவணையில் அந்தப் பில்லைத் திருத்துங்கள். அந்த மாத `GSTR-3B`-இல் ஐ.ஜி.எஸ்.டி. கூடும், சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் அதே அளவு குறையும். அந்த மாதம் உள்ளூர் விற்பனை போதிய அளவு இருந்தால் தவறான தொகை அதிலேயே கழிந்துவிடும், யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. போதாவிட்டால் மிச்சக் குறைவு அடுத்த மாதத்துக்குப் போகும். வாங்குபவருக்கும் இதுவே நல்லது, ஏனெனில் திருத்திய பில் அவருடைய `GSTR-2B`-இல் ஐ.ஜி.எஸ்.டி. வரவாக வரும். இந்தப் பாதை திறந்திருக்கும்போது பணம் திருப்பிக் கேட்கும் விண்ணப்பத்துக்குப் போவது வீண் வேலை என்பதே எங்கள் கருத்து.

சிலர் பழைய பில்லுக்கு வரவுக் குறிப்பு எழுதி, சரியான வரியோடு புதுப் பில் போடுகிறார்கள். அதுவும் நவம்பர் 30-க்குள் நடக்கும். ஆனால் அப்படி ஒருமுறை குறைத்துவிட்டால் அதே பில்லுக்குப் பணம் திருப்பிக் கேட்க முடியாது. இந்திய மறைமுக வரி வாரியத்தின் 2021 செப்டெம்பர் 25 திகதிய 162-ஆம் இலக்கச் சுற்றறிக்கை இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு பில்லுக்கு ஒரு வழிதான்.

அறிகுறி: பில் பழையது, நவம்பர் 30 தாண்டிவிட்டது

இங்கேதான் முழு நடைமுறையும் தேவைப்படுகிறது. ஆண்டறிக்கை தயாரிக்கும்போதோ, அதிகாரியின் கடிதம் வந்தபோதோ இது வெளிப்படும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்து வியாபாரி 2024 ஓகஸ்டில் காரைக்காலுக்கு லொறியில் படகுப் பெயின்ற் அனுப்புகிறார். பெறுமதி 2,00,000 இந்திய ரூபா. பில்லில் 18,000 சி.ஜி.எஸ்.டி., 18,000 எஸ்.ஜி.எஸ்.டி. செப்டெம்பர் 20-இல் `GSTR-3B` போடுகிறார். பிழை தெரியவருவது 2025 டிசம்பரில். திருத்தும் நாள் நவம்பர் 30-உடன் போய்விட்டது.

சட்டம் கேட்கும் ஒழுங்கு இது: முதலில் சரியான வரியைக் கட்டு, பிறகு தவறானதைத் திருப்பிக் கேள். மாற்றிச் செய்ய முடியாது. ஐ.ஜி.எஸ்.டி. 36,000-ஐ `DRC-03` படிவத்தில் கட்ட வேண்டும். இதற்குக் கையில் காசு இருக்க வேண்டும் என்றில்லை. கொள்முதல் வரவுப் பேரேட்டில் மீதி இருந்தால் அதிலிருந்தே கட்டலாம். ஐ.ஜி.எஸ்.டி. வரவு முதலில் போகும், அது தீர்ந்தால் சி.ஜி.எஸ்.டி. வரவும் எஸ்.ஜி.எஸ்.டி. வரவும் ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பயன்படும். படிவத்தில் வரிக்காலம் 2024 ஓகஸ்ட் என்றும் `POS` புதுச்சேரி என்றும் இருக்க வேண்டும். அவசரத்தில் இங்கேயும் தமிழ்நாடு என்று தெரிவு செய்பவர்கள் இருக்கிறார்கள், அப்போது திருத்தமே அதே பிழையைச் சுமந்து நிற்கும். காரணம் எழுதும் பெட்டியில் பில் இலக்கத்தையும் திகதியையும் எழுதுங்கள். பிறகு விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி இரண்டையும் இணைத்துப் பார்க்க இது ஒன்றுதான் கயிறு.

வட்டிக் கட்டத்தில் பூச்சியம். ஒன்றேகால் வருடத் தாமதத்துக்கு 18 வீத வட்டி என்று சிலர் தாமாகவே கணக்குப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 19(2) பிரிவு, உள்மாநில வரியாகக் கட்டியவர் பின்னர் ஐ.ஜி.எஸ்.டி. கட்டும்போது வட்டி கட்டத் தேவையில்லை என்கிறது. எதிர்த் திசையில், ஐ.ஜி.எஸ்.டி.யாகக் கட்டியது உள்மாநில விற்பனை என்று தெரியவந்தால், சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 77(2) அதே விலக்கைத் தருகிறது.

அடுத்தது விண்ணப்பம், `RFD-01`. `Services > Refunds` வழியாகப் போனால் வகைகளின் நீண்ட பட்டியல் வரும். அதில் உள்மாநில விற்பனையாகக் கட்டிய வரி பின்னர் வெளிமாநில விற்பனை என்று தெரிந்தது, அல்லது மறுதலை, என்று பொருள்படும் வகையைத் தெரிவு செய்ய வேண்டும். கூடுதலாகக் கட்டிய வரி என்ற வகை கண்ணுக்கு அழகாகத் தெரியும். அங்கே போகாதீர்கள். அதில் விண்ணப்பிப்பதற்கான இரண்டு வருடக் காலம் தவறான வரியைக் கட்டிய நாளிலிருந்து ஓடும், நம் கணக்கில் 2026 செப்டெம்பருடன் முடிந்துவிடும். சரியான வகையில் 89(1A) விதிப்படி அது சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து ஓடும். `DRC-03`-ஐ 2025 டிசம்பர் நடுவில் கட்டியிருந்தால் 2027 டிசம்பர் நடுவரை நாள் உண்டு. "தெரியவந்தது" என்பதற்கு அதிகாரியின் கட்டளை தேவை என்று சிலர் வாதிடுவார்கள். தேவையில்லை, வியாபாரி தானே கண்டுபிடித்தாலும் போதும் என்று மேலே சொன்ன சுற்றறிக்கையே தெளிவாக்கியிருக்கிறது.

விண்ணப்பத்தோடு `Statement 6` என்ற அட்டவணை வேண்டும். அதே பக்கத்தில் கிடைக்கும் கோப்பைத் தரவிறக்கி, ஒவ்வொரு பில்லுக்கும் முன்பு எப்படிக் காட்டப்பட்டது, இப்போது எப்படி என்பதை இரண்டு பக்கமாக நிரப்பி ஏற்ற வேண்டும். பில், பொருள் காரைக்காலில் இறங்கியதற்கான லொறிச் சான்றும் இ-வே பில்லும், அந்த மாத `GSTR-3B`, `DRC-03`, வாங்குபவர் வரவு எடுக்கவில்லை என்ற கடிதம் ஆகியவற்றை இணைத்தால் பெரும்பாலும் கேள்வி வராது. பட்டயக் கணக்காளர் சான்றிதழுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வரிச் சுமையை வேறு யாரிடமும் ஏற்றவில்லை என்று நிரூபிக்கும் அந்தச் சான்றிதழும் உறுதிமொழியும் 77-ஆம் பிரிவின் கீழ் கேட்கும் பணத்துக்குத் தேவையில்லை. சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 54(8)(d) அதை விலக்கி வைத்திருக்கிறது. அதிகாரி கேட்டால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

அறிகுறி: 36,000 கேட்டோம், வங்கிக்கு 9,000-தான் வந்தது

முதலாளி உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும் கட்டம் இது. பணம் குறையவில்லை. 92(1A) விதிப்படி, அந்த மாத வரியை எந்த அளவு காசிலும் எந்த அளவு வரவிலும் கட்டினாரோ, அதே விகிதத்தில்தான் திரும்பி வரும். நம் வியாபாரி 2024 ஓகஸ்டுக்கு மொத்தம் 1,20,000 வரி கட்டினார் என்று வைப்போம். அதில் 90,000 கொள்முதல் வரவிலிருந்து, 30,000 காசாக. காசின் பங்கு நான்கில் ஒன்று. ஆகவே 36,000-இல் 9,000 வங்கிக்கு வரும், 27,000 `PMT-03` என்ற கட்டளை மூலம் கொள்முதல் வரவுப் பேரேட்டில் மீண்டும் ஏறும். வங்கியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதி தெரியாது. விண்ணப்பம் போடும் முன்பே அந்த மாத `GSTR-3B`-இன் `6.1` அட்டவணையைப் பார்த்து இந்தக் கணக்கை முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மிகச் சிறிய பில்களில் ஒன்றுமே வராமல் போகலாம். ஒரு தலைப்பில் 1,000 ரூபாவுக்குக் குறைவான தொகையைத் திருப்பித் தருவதில்லை. இந்த எல்லை ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே பார்க்கப்படும். சி.ஜி.எஸ்.டி. 900, எஸ்.ஜி.எஸ்.டி. 900 என்றால் கூட்டினால் 1,800 ஆனாலும் கிடைக்காது.

அறிகுறி: விண்ணப்பம் நகரவில்லை

விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 15 நாளுக்குள் `RFD-02` என்ற ஏற்புச் சீட்டு வர வேண்டும். அதற்குப் பதில் `RFD-03` வந்தால் குறை இருக்கிறது என்று பொருள். பழைய விண்ணப்பத்தைத் திருத்த முடியாது, புதிதாகப் போட வேண்டும். முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து குறை அறிவித்த நாள்வரை ஓடிய காலம் அந்த இரண்டு வருடத்தில் சேராது.

`RFD-08` வந்தால் நிலைமை வேறு. அது மறுப்பதற்கு முன் விளக்கம் கேட்கும் அறிவித்தல். `RFD-09`-இல் 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். நமக்குப் போயா விடுமுறையும் நீண்ட வார இறுதியும் இருந்தாலும் அங்கே அந்த நாட்கள் எண்ணிக்கையில் இருந்து கழிவதில்லை. வந்த நாளையும் கடைசி நாளையும் முதலிலேயே குறித்து வையுங்கள். அறிவித்தல்கள் முதலாளியின் மின்னஞ்சலுக்குப் போய் அவர் பார்க்காமலே கிடப்பது சாதாரணம், ஆகவே வாரம் ஒருமுறை நீங்களே இணையத்தளத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

முழுமையான விண்ணப்பம் கிடைத்து 60 நாளுக்குள் `RFD-06` கட்டளை வர வேண்டும். அதைத் தாண்டிப் பணம் வந்தால் தாண்டிய நாட்களுக்கு 6 வீத வருட வட்டி உண்டு. கட்டளை வந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு விபரம் சரிபார்ப்பில் தோற்றிருக்கும். விண்ணப்ப நிலையைத் திறந்தால் அது தெரியும். கணக்குப் பெயரும் வரிப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாததே வழக்கமான காரணம், வங்கி விபரத்தைத் திருத்திச் சமர்ப்பித்தால் கொடுப்பனவு மறுபடி போகும்.